படிகள் எத்தனை என்று சொல்லும் வேலை அறிவிப்பு

(அறக்கட்டளையின் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிகச் சிறியது. ஒரு தாளில் அடங்கக்கூடியது. வேலைக்கு ஆள் தேவை என்று நாம் எழுதும் அறிவிப்பைப் பற்றியே பேசப் போகிறேன். இவ்வரங்கில் அச்சகம் நடத்துவோர் உள்ளனர். பள்ளி நிர்வாகத்தில் இருப்போர் உள்ளனர். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில் துறைமுகம் சார்ந்த தொழில்களில் இருப்போரும் உள்ளனர். இவர்களுள் பலரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இத்தகைய அறிவிப்பு ஒன்றை எழுதியோ ஒப்புதல் அளித்தோ இருப்பர். அதனைப் படிக்கும் மாற்றுத்திறனாளி ஒருவர் "இங்கே விண்ணப்பிக்கலாம்" என்று முடிவு செய்வதும், "இது நமக்கு இல்லை" என்று தாளை மடித்து வைப்பதும் அதன் எந்தச் சொற்களால் நிகழ்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அரசு அறிவிப்புகளைப் பார்ப்போம். துறைமுக ஆணையம், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை வெளியிடும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளின் பிற்பகுதியில், பதவிப் பெயருக்கு எதிரே ஆங்கில எழுத்துகள் வரிசையாக அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெரும்பாலோர் அதனைக் கடந்து சென்றுவிடுவர். மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை 2021 சனவரி 4 அன்று வெளியிட்ட பட்டியலை ஒட்டிய குறியீடுகள் அவை. 'எஸ்' என்றால் அமர்ந்து செய்யும் பணி, 'எஸ்டி' என்றால் நின்று செய்யும் பணி, 'டபிள்யூ' என்றால் நடத்தல், 'எல்' என்றால் தூக்குதல், 'எம்எஃப்' என்றால் விரல்களால் கையாளுதல், 'எஸ்இ' என்றால் பார்த்தல், 'எச்' என்றால் கேட்டல். ஒரு பதவிக்கு உடலின் எந்தச் செயல்கள் தேவை என்பதையும், எவ்வகை மாற்றுத்திறனாளிகளுக்கு அது ஏற்றது என்பதையும் இவ்வாறு சுருக்கக் குறியால் தெரிவிக்கின்றனர்.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கிறது. "நல்ல உடற்கட்டு உடையவர்" என்று எழுதாமல், "அமர வேண்டும், படிக்க வேண்டும், எழுத வேண்டும்" என்கிறது. ஆயினும் ஒரு பெருங்குறையும் உண்டு. அந்த வேலை நடைபெறும் கட்டடத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. அமர்ந்து செய்யும் பணிதான். ஆனால் அமரும் நாற்காலி மூன்றாம் மாடியில் இருக்கிறதா, மின்தூக்கி உண்டா, கழிவறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்பதற்கு அக்குறியீடுகளில் விடை இல்லை.

தனியார் அறிவிப்புகளின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே குறியீடும் இல்லை, செய்தியும் இல்லை. அண்மைக் காலமாக ஒரே ஒரு தொடர் மட்டும் சேர்ந்துவருகிறது: "மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம்." எழுதியவரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் படிப்பவருக்கு அத்தொடரால் எதுவும் தெரிவதில்லை. விண்ணப்பிக்கலாம், சரி, உள்ளே வர இயலுமா?

சட்டத்தைப் பற்றி நீண்டு பேசப் போவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு நிறுவனங்களில் நூற்றுக்கு நான்கு இடங்களுக்குக் குறையாத ஒதுக்கீடு என்பது பலரும் அறிந்த பகுதி. அறியாத பகுதி அதன் 21-ஆம் பிரிவு. அரசோ தனியாரோ, ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது அது. இருபது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் தனியார் நிறுவனமாயின், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள் எவை, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை என்ன, என்னென்ன வசதிகள் உள்ளன, தொடர்பு அலுவலர் யார் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும் என விதிகள் கூறுகின்றன. இருபதுக்குக் குறைவாயின், உள்ள வசதிகளையாவது சொல்லியாக வேண்டும். ஆக, வசதிகளை வெளிப்படையாகக் கூறுவது நம் பெருந்தன்மை அன்று. ஏற்கெனவே நம் மேல் உள்ள கடமை. அதனைச் சுவரில் மாட்டிய கொள்கைத் தாளிலிருந்து எடுத்து, வேலை தேடுபவர் கையில் சேரும் அறிவிப்பில் வைக்க வேண்டும் என்பதே நான் கூறுவது.

இதனை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன். நிறுவனம் கற்பனையே, ஆனால் அதன் வாசலும் வேலையும் வடசென்னையில் நாள்தோறும் காண்பவை.

திருவொற்றியூர் தேரடிக்கு அருகில், நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களைக் கையாளும் கிளியரிங் நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இருபத்து நான்கு பேர் பணிபுரிகின்றனர். ஆவணப் பிரிவுக்கு ஓர் உதவியாளர் தேவை. வழக்கமாக அவர்கள் வெளியிடும் அறிவிப்பு இது: "பட்டதாரி, வயது 21 முதல் 28 வரை. நல்ல உடல்நலமும் சுறுசுறுப்பும் உடையவர். இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் கட்டாயம். சிறந்த பேச்சுத்திறன் வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம். காலை 10 முதல் 12 வரை நேரில் வருக."

இதைத் திருத்த வேண்டுமாயின், எழுதுகோலை எடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் அந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். பார்த்தால் தெரிவது இதுதான். ஏற்றுமதியாளர் மின்னஞ்சலில் அனுப்பும் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் ஒப்பிடுகிறார். ஷிப்பிங் பில்லுக்கான விவரங்களைக் கணினியில் பதிகிறார். கன்டெய்னர் எண்ணையும் சீல் எண்ணையும் சரிபார்க்கிறார். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது. கடைசி இலக்கம் முன்னுள்ளவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது, ஆதலின் தட்டச்சுப் பிழை இருந்தால் அதுவே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பொறுமையும் கூர்ந்த கவனமும் வேண்டும் வேலை. நாளின் பெரும்பகுதி இப்படியே கழிகிறது. கப்பல் நிறுவனத்தாருடன் தொலைபேசியில் பேசுவது அவ்வப்போது உண்டு. ஆனால் முடிவாகும் எதையும் மின்னஞ்சலில் எழுதியே உறுதிசெய்கின்றனர். வாரம் ஒரு முறை மூல ஆவணங்களை வங்கிக்கு எடுத்துச் செல்கிறார். மாதம் இருமுறை, சுங்கப் பரிசோதனையின்போது யார்டுக்குப் போகிறார்.

இப்போது பழைய அறிவிப்பின் ஒவ்வொரு தொடரையும் இந்த நாளோடு வைத்துப் பாருங்கள். இருசக்கர வாகனம் எதற்காக? வாரம் ஒரு முறை வங்கிக்குச் செல்வதற்காக. அந்த உறையை வேறொரு ஊழியரோ கூரியரோ எடுத்துச் செல்லக்கூடும். ஓட்டுநர் உரிமம் கட்டாயம் என்ற சொல், பார்வையற்றவரையும், கை கால் இயக்கத்தில் குறைபாடுள்ள பலரையும், வலிப்பு நோய் உள்ளவரையும் ஒரே வீச்சில் விலக்கிவிடுகிறது. யாரையும் விலக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்டதன்று. முன்பிருந்தவர் வண்டி வைத்திருந்தார், ஆதலால் எழுதப்பட்டது. 'சிறந்த பேச்சுத்திறன்' காது கேளாதவரையும் திக்கிப் பேசுபவரையும் விலக்குகிறது. வேலையோ எழுத்தில் நடைபெறுகிறது. 'நல்ல உடல்நலம், சுறுசுறுப்பு' என்பவற்றுக்கு அளவே கிடையாது. அளவில்லாத சொல்லைப் படிக்கும் ஒருவர், தம்மைப் பற்றிப் பிறர் என்ன எண்ணுவர் என்பதையே அதற்கு அளவாகக் கொள்வார். வயது வரம்பும் அவ்வாறே. சிகிச்சையினாலோ ஏற்ற கல்லூரி அமையாமையினாலோ படிப்பைத் தாமதமாக முடித்த மாற்றுத்திறனாளிகள் பலர் உள்ளனர். இருபத்தெட்டு என்ற எண் அவர்களை வெளியே நிறுத்துகிறது. அந்த எண் ஏன் வந்தது என்று கேட்டால் அலுவலகத்தில் எவருக்கும் விடை தெரியாது.

யார்டு வேலை மட்டும் உண்மையான வினா. பரிசோதனை நடைபெறும் இடத்தில் தரை மேடுபள்ளம். கனரக வண்டிகள் இயங்கிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் வண்டியின் ஒலியைக் கேட்க இயலாமை அங்கே ஆபத்து. இதனை மறைத்தல் கூடாது. மாதம் இருமுறை என்பதால், அப்பகுதியை அதே பிரிவில் உள்ள இன்னொருவருக்கு மாற்றித்தர இயலுமா என்று நிறுவனமே முன்கூட்டி முடிவுசெய்து அறிவிப்பில் எழுத வேண்டும். இப்படிப்பட்ட மாற்றத்தையே சட்டம் 'நியாயமான வசதி ஏற்பாடு' என்கிறது. நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத மாற்றம் என்பது அதன் எல்லை. மாதம் இரண்டு அரைநாள் வேலையை இடம் மாற்றுவது சுமையாகாது. ஆனால் நாள் முழுவதும் யார்டிலேயே நிற்க வேண்டிய மேற்பார்வையாளர் பதவிக்கு இதே வாக்கியத்தை எழுத முடியாது. அங்கே, நடத்தலும் பார்த்தலும் கேட்டலும் பணியின் உயிர்ப்பகுதி என்று காரணத்தோடு வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை.

வேலையைப் பார்த்தாயிற்று. இனிக் கட்டடம். இதற்கு வேண்டியது ஓர் அளவுநாடா மட்டுமே.

வடசென்னையில் வாசல்கள் உயரமானவை. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நீர் எங்கெங்கே புகுந்தது என்பதை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்கிறது. நாமும் வாசலை உயர்த்துகிறோம். நம் கற்பனை அலுவலகத்துக்கும் தெருவிலிருந்து மூன்று படிகள், ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர். மொத்தம் 45. சாய்தளம் அமைக்க வேண்டுமானால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது விதி. நாற்பத்தைந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 5 மீட்டர் 40 சென்டிமீட்டர். வாசலுக்கும் தெருவுக்கும் இடையே அவ்வளவு இடம் இல்லை. பலர் இங்கேதான் ஒன்றரை மீட்டர்ப் பலகையைச் சாய்த்து வைத்து, "சாய்தளம் உண்டு" என்று எழுதிவிடுகின்றனர். அப்பலகை ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில் நிற்கும். அதில் தாமே ஏற முயல்பவர் பின்புறமாகக் கவிழ்வார்; பிறர் தள்ளி ஏற்றினால் அது சாய்தளம் அன்று, சுமை ஏற்றும் வழி. 'சாய்தளம் உண்டு' என்ற அந்த இரண்டு சொற்கள் படியைவிடக் கொடியவை. படியைப் பற்றி அறிந்தவர் வீட்டிலேயே முடிவு செய்திருப்பார்; சாய்தளத்தை நம்பியவர் வாசல்வரை வந்து திரும்புகிறார்.

அதே கட்டடத்துக்குச் சரக்கு இறக்கும் பின்வாசல் ஒன்று உண்டு. சந்து உயரமாக இருப்பதால் அங்கே படிகள் இல்லை. 8 சென்டிமீட்டர் உயரமுள்ள நிலைப்படி மட்டும். எட்டைப் பன்னிரண்டால் பெருக்க 96. ஒரு மீட்டருக்கும் குறைந்த சிமெண்டுச் சரிவு போதும். கொத்தனார் ஒரு நாளில் முடிப்பார். கதவின் அகலம் 95 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். ஆவணப் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. ஆனால் தரைத்தளத்தில் கணக்குப் பிரிவின் அறையில் ஒரு மேசைக்கு இடமுண்டு. கணினி வேலைக்கு அது போதும். பின்வாசல் வழியே வரச் சொல்வது மதிப்புக் குறைவாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகும்தான். முன்வாசல் சரியாவது வரை உள்ள ஏற்பாடு அது என்று சொல்லி, அந்தக் கதவை அலுவலக நேரம் முழுவதும் திறந்து வைத்து, முன்னால் பெட்டிகளை அடுக்காமல் இருந்தால், வருபவர் அதனை ஏற்பதா இல்லையா என்று தாமே முடிவு செய்வார்.

கழிவறைக்கு வருவோம். தரைத்தளக் கழிவறையில் மேற்கத்திய வகைப் பீடம் உண்டு. ஆனால் கதவின் அகலம் 62 சென்டிமீட்டர். பெரும்பாலான சக்கர நாற்காலிகள் இதில் நுழையா. ஊன்றுகோலுடன் நடப்பவர் நுழையலாம். பிடிமானக் கம்பி இல்லை. பெரும்பாலான அறிவிப்புகள் பேசாமல் விடும் இடம் இதுவே. காலடிப்பேட்டையிலிருந்து சக்கர நாற்காலியில் வரக்கூடிய பட்டதாரிப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கழிவறை இல்லாத இடத்தில் எட்டு மணி நேரம் இருக்க நேர்வோர் காலை முதல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகின்றனர். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்க்கு அது சிறுநீரகம் வரை போகக்கூடிய கேடு. படிகளைக் காட்டிலும் இந்த 62 சென்டிமீட்டரே அவர் அங்கே பணியாற்ற இயலுமா என்பதை முடிவு செய்யும். ஆகவே அதனைச் சொல்லியாக வேண்டும். கதவை அகலப்படுத்த நிறுவனம் முடிவெடுத்து, நாளும் குறித்திருந்தால் அதையும் எழுதலாம். முடிவெடுக்காதபோது 'விரைவில்' என்று எழுதக் கூடாது.

வரும் வழியும் அணுகலின் ஒரு பகுதியே. தேரடி மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி உண்டு; 2021 பிப்ரவரியில் இப்பாதை விம்கோ நகர் வரை திறக்கப்பட்டது இப்பகுதி மாற்றுத்திறனாளிகளுக்குப் பெரும் மாற்றம். ஆனால் நிலையத்திலிருந்து அலுவலகம் வரையுள்ள தொலைவை நடந்து அளந்து எழுத வேண்டும்: எத்தனை மீட்டர், எவ்வளவு தூரத்துக்கு நடைபாதை உண்டு, எங்கே சாலையைக் கடக்க வேண்டும், எந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் ஓரமாக வரிசைகட்டி நிற்கின்றன. கோயில் விழா நாட்களில் தேரடியைச் சுற்றிப் போக்குவரத்து மாற்றப்படுவதையும் உள்ளூர்க்காரர் அறிவார். வெளியூரிலிருந்து விண்ணப்பிப்பவர் அறியார்.

கட்டடத்துக்குள் அளவுநாடாவுக்கு எட்டாத செய்திகளும் உள்ளன. கணினியில் திரைவாசிப்பு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாமா? என்விடிஏ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே செலவு ஒரு தடையன்று. அலுவலகம் பயன்படுத்தும் பதிவு மென்பொருள் அதனோடு இணங்குமா என்பதே வினா. சில தளங்கள் நுழையும்போது, படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும். பார்வையற்றவர் அங்கே நின்றுவிடுவார். இதனைச் சோதித்துப் பாராமல் "பார்வையற்றோர்க்கு ஏற்றது" என்றோ "ஏற்றதன்று" என்றோ எழுதுவது இரண்டும் தவறு. சோதிக்கவில்லையாயின், "இன்னும் சோதிக்கவில்லை, விண்ணப்பிப்பவருடன் சேர்ந்து சோதிக்க அணியமாக உள்ளோம்" என்பதே சரியான வாக்கியம்.

இவையெல்லாம் சேர்ந்தபின் நம் அறிவிப்பு எப்படி இருக்கும்? படித்துக் காட்டுகிறேன்.

"ஆவணப் பிரிவு உதவியாளர், ஓர் இடம். பட்டப்படிப்பு, தமிழும் ஆங்கிலமும் படிக்க எழுதத் தெரிய வேண்டும். வேலை: ஏற்றுமதி ஆவணங்களை ஒப்பிட்டுச் சரிபார்த்தல், கணினியில் பதிதல், மின்னஞ்சலில் பதில் எழுதுதல். முழுவதும் அமர்ந்து செய்யும் பணி. முன் அனுபவம் தேவையில்லை. இரண்டு மாதப் பயிற்சி தருவோம். தொலைபேசிப் பேச்சு, வங்கிக்குச் செல்லுதல், மாதம் இருமுறை யார்டுக்குச் செல்லுதல் ஆகியவை இப்பிரிவில் உண்டு. தேவைப்பட்டால் இவற்றை மற்ற ஊழியர்களுக்கு மாற்றித் தருவோம். அதனால் ஊதியம் குறையாது.

மாற்றுத்திறனாளிகளின் விண்ணப்பத்தை வரவேற்கிறோம். எங்கள் இடத்தின் நிலை இது. முன்வாசலில் மூன்று படிகள், ஒரு பக்கம் கைப்பிடி உண்டு. பின்வாசலில் படிகள் இல்லை, சிறு சரிவு உண்டு, கதவு 95 செ.மீ. மின்தூக்கி இல்லை, படியேற இயலாதவருக்குத் தரைத்தளத்தில் மேசை தருவோம். தரைத்தளக் கழிவறைக் கதவு 62 செ.மீ. அகலமே, சக்கர நாற்காலி உள்ளே செல்லாது. அறையில் ஒன்பது பேர் பணிபுரிவர். தொலைபேசி ஒலி தொடர்ந்து இருக்கும். திரைவாசிப்பு மென்பொருளை நிறுவலாம். எங்கள் பதிவு மென்பொருளுடன் அது இணங்குமா என்று இன்னும் சோதிக்கவில்லை. மழைநாளில் பின்சந்தில் நீர் தேங்கக்கூடும்.

விண்ணப்பத்தை மின்னஞ்சல், குறுஞ்செய்தி, அஞ்சல், நேரில் என எவ்வழியிலும் தரலாம். நேர்காணலுக்கு ஏதேனும் ஏற்பாடு வேண்டுமா என்று அழைக்கப்படும் அனைவரையும் கேட்போம். சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமெனில் செலவு எங்களுடையது. இவ்விவரங்கள் அளந்து எழுதப்பட்ட நாள் கீழே உள்ளது."

இதில் 'அனைவரையும் கேட்போம்' என்ற தொடரைக் கவனியுங்கள். "மாற்றுத்திறனாளியாயின் தெரிவிக்கவும்" என்று கேட்டால், தெரிவித்தவர் முதற்படியிலேயே தனித்து நிறுத்தப்படுகிறார். அனைவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால், தேவை உள்ளவர் தம் தேவையைச் சொல்வார்; நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழை விண்ணப்பத்தோடு கேட்பதும் அவ்வாறே வேண்டாதது. ஒதுக்கீட்டு இடத்துக்குச் சான்று தேவை. பொது இடத்துக்கு அது எதற்கு?

அறிவிப்பின் வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல அறிவிப்புகள் பல கெடுவது இங்கேதான். எழுதி முடித்தபின் அச்சகத்தார் அதனை வண்ணப் படமாக ஆக்கித் தருவர். நாம் அப்படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவோம். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது பெரும்பாலும் 'படம்' என்ற ஒரு சொல் மட்டுமே. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பானால் இன்னும் மோசம்: கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், மென்பொருளோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளை வாசிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்த வெறும் எழுத்தையும் படத்தின் கீழே சேர்த்து அனுப்ப வேண்டும். சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் டாக்பேக் என்று ஒன்று இருக்கும். அதனை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் அறிவிப்பை முழுவதும் கேளுங்கள். கேட்டு முடித்தபின் எந்த முகவரிக்கு விண்ணப்பிப்பது என்று சொல்ல முடிந்தால் சரி. அறிவிப்பில் ஒரே ஒரு தொலைபேசி எண் மட்டும் இருந்தால் காது கேளாதவர் விண்ணப்பிக்க வழியில்லை என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இத்தகைய அறிவிப்பைக் கண்டு உரிமையாளர்கள் சொல்லும் மறுப்பு ஒன்றே: "நம் குறைகளையெல்லாம் நாமே அச்சிட்டால் யார் வருவார்?" இதற்கு விடை, யார் எதற்காக வராமல் இருப்பார் என்பதில் உள்ளது. 62 சென்டிமீட்டர்க் கதவைப் படித்துச் சக்கர நாற்காலியில் உள்ள சிலர் விலகுவர். அவர்களுக்கு ஆட்டோச் செலவும் அரைநாளும் மிஞ்சும். அதே அறிவிப்பைப் படிக்கும் காது கேளாத பட்டதாரிக்கு அக்கதவு ஒரு பொருட்டன்று; தொலைபேசி வேலை மாற்றித் தரப்படும் என்ற வரியே அவருக்கு முதன்மை. ஊன்றுகோலுடன் நடப்பவர் கைப்பிடி ஒரு பக்கம் உண்டு என்பதைப் பார்ப்பார். எல்லாரையும் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால், அவர்கள் எல்லாருக்கும் ஒரே வாசல் வேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். சட்டம் 21 வகைகளைக் கணக்கிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சாய்தளத்தோடு தொடர்பே இல்லை. மற்றொன்று: கதவின் அளவைச் சொல்லும் நிறுவனம் ஊதியத்தைப் பற்றியும் உண்மை சொல்லும் என்று படிப்பவர் எண்ணுவதில் வியப்பில்லை. மாறாக "எல்லா வசதிகளும் உண்டு" என்று எழுதியவரிடம் கைபேசியில் ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள்: கழிவறைக் கதவின் அகலம் என்ன? பெரும்பாலும் மறுமுனையில் அமைதி நிலவும்.

அந்த அமைதியைத் தவிர்ப்பது அறிவிப்பு எழுதியவரின் வேலை. தொடர்பு எண்ணில் பேசுபவர் அவ்வறிவிப்பைப் படித்தவராக இருக்க வேண்டும். பின்வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அறிந்தவராகவும் இருக்க வேண்டும். வரவேற்பறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "இங்கே படியேற முடியுமா உங்களால்?" என்று கேட்டுவிட்டால், எழுதிய இரண்டு பத்தியும் வீண். விவரங்கள் மாறும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், ஒவ்வொரு புதிய அறிவிப்புக்கு முன்னும் மீண்டும் அளந்து நாளைத் திருத்த வேண்டும். சாலை மீண்டும் உயர்ந்திருக்கும், மூன்று படிகள் இரண்டாகியிருக்கும், பின்சந்து பள்ளமாகியிருக்கும். நேர்காணலுக்கு முந்தின மாலை ஒருவர் பின்வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும். சந்தில் நீர் நின்றால், அன்றிரவே வர இருப்பவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வேறு நாளோ காணொளி வழி நேர்காணலோ அவர் விருப்பப்படி அமைத்துத் தர வேண்டும்.